மேல் துணியில் படாத தையல்

கல்லடியில் சீதேவிப்பிள்ளையிடம் சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் அவளைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். சொன்ன நாளில் தரமாட்டாள். ஆனால் தந்த சட்டையின் கழுத்து எத்தனை தரம் துவைத்தாலும் வெளியே பிரளாது. இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அவள் மாங்கேணிப் பக்கம் இருந்தாள். புருஷன் இல்லை, மகள் இராசாத்தி ஒருத்திதான். கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்ற மகளின் கழுத்தெலும்புக்குக் கீழே ஷெல் துண்டு பாய்ந்து, ஆறிய இடம் தடித்த தழும்பாகிவிட்டது. அந்தக் காலத்தில் குமர்ப்பிள்ளையின் உடம்பில் இப்படியொரு தழும்பைக் கண்டால் இயக்கத்தில் சண்டை போட்ட பிள்ளை என்றுதான் ஆமிக்காரர்கள் முடிவுகட்டுவார்கள். கொண்டுபோன பிள்ளை திரும்பி வருமா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

சண்டைக்குப் பயந்து ஊர் கிளம்பத் தொடங்கியது. கல்லடிக்குப் போவதென்றால் சென்றியை, ஆமியின் சோதனைத் தடையை, கடக்க வேண்டும். கழுத்தை மூடித் தைத்தால் இந்த வெயிலில் அதுவே சந்தேகம். ஆகவே தழும்புக்கு ஒரு விரல் மேலே நிற்கும்படி சாதாரண வட்டக் கழுத்தாக வெட்டினாள். கழுத்து வடிவத்திலேயே உள்பட்டி வெட்டி, நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்துத் தைத்தாள். வளைவு சுருங்காமல் இருக்க நூலுக்குக் கிட்டவரை சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்தாள். மிச்சம் இருந்தது ஒரு தையல். தையல் விளிம்புகளைப் பட்டிப் பக்கம் தள்ளி, மேல் துணியைத் தொடாமல், பட்டியையும் விளிம்பையும் மட்டும் பிடித்து ஓரத்தோடு ஓடும் உள்தையல். அதுதான் பட்டியை உள்ளே இழுத்து வைத்திருக்கும். வெளியே லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தால் போதும் என்று பட்டியை உள்ளே திருப்பிவிட்டாள். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

சென்றி வரிசையில் வெயில் கொளுத்தியது. வியர்வை பட்டதும் தேய்ப்பு இளகி, பட்டி மெல்ல வெளியே எட்டிப் பார்த்தது. இராசாத்தி பையை வைக்கக் குனிந்தபோது கழுத்து முழுவதும் வெளியே பிரண்டு தொங்கியது. தழும்பு பட்டப்பகலில் தெரிந்தது. சீதேவிப்பிள்ளை எட்டிப் பார்த்தாள். முன்னே பெண் பொலிஸ் ஒவ்வொரு பையாகக் குனிந்து திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானத்தோடு தடையை இழுத்து மூடிவிடுவார்கள்.

மகளுக்கு வயிற்றைப் பிரட்டுகிறது என்று பின்னால் நின்றவர்களிடம் சொல்லி, பற்றை மறைவுக்கு இழுத்துப் போனாள். தன் சட்டையில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. பட்டியை வெளியே இழுத்து நிமிர்த்தி, விளிம்பை நகத்தால் அதன் பக்கம் மடித்து அழுத்தி, தோளிலிருந்து தோள்வரை முன்கழுத்தைப் பொடிப்பொடியாகத் தைத்தாள். அவசரத்தில் ஊசி இரண்டு தரம் மகளின் தோலில் குத்தியது. பட்டியை விட்டதும் அது தானாகவே உள்ளே போய்ப் படிந்தது. குனியச் சொல்லிப் பார்த்தாள். அசையவில்லை.

நிமிர்ந்தபோது முன்னால் ஒருத்தி நின்றாள். வரிசையில் பின்னால் நின்ற ஆச்சிப்பிள்ளை. மரூன் சட்டை போட்ட மகளைக் கையில் பிடித்திருந்தாள். அந்தப் பிள்ளையின் கழுத்தடியிலும் தழும்பு; அதன் கழுத்துப் பட்டியும் பிரண்டு கிடந்தது.

"அக்கா, என்ட புள்ளைக்கும் தைச்சுத் தாங்கக்கா. எனக்குத் தைக்கத் தெரியா."

வரிசையில் சீதேவிப்பிள்ளையின் முறை வந்துகொண்டிருந்தது. விட்டால் கடைசிக்குப் போக வேண்டும். ஊசியையும் மிச்ச நூலையும் ஆச்சிப்பிள்ளையின் கையில் திணித்தாள்.

"பட்டியை மட்டும் புடிச்சித் தைங்க. மேல் துணியில ஊசி படப்படாது" என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பெண் பொலிஸ் குனியச் சொன்னாள். இராசாத்தி குனிந்தாள். கழுத்து ஒட்டியபடியே கிடந்தது. போ என்று கை காட்டினாள். தாயையும் விட்டாள்.

அந்தப் பக்கம் போய் பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் சீதேவிப்பிள்ளைக்கு மூச்சு வந்தது. யன்னலால் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். தடைக்கு முன்னால் ஆச்சிப்பிள்ளையின் மகள் நின்றாள். பிரளவே முடியாதபடி கழுத்தை இறுக்கித் தைத்துவிட்டிருந்தாள் அந்தத் தாய். பட்டியோடு மேல் துணியையும் சேர்த்து. மரூன் துணியின் வட்டம் முழுக்க வெள்ளை நூல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பெண் பொலிஸின் விரல் நேரே அங்கேதான் போனது. நூலை இழுத்து அறுத்துக் கழுத்தை விலக்கிப் பார்த்தாள். பிறகு யாரையோ கூப்பிட்டாள்.

பஸ் கிளம்பியது. ஆச்சிப்பிள்ளை கத்துவது சத்தமில்லாமல் தெரிந்தது. இராசாத்தியும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வெகுதூரம் போன பிறகு தாயின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அந்தப் புள்ளைக்கும் நீங்களே தைச்சிருக்கலாம், அம்மா."

"ஓம் மகள்" என்றாள் சீதேவிப்பிள்ளை.