நூனுக்கு மேல் ஒரு சின்ன மீம்

நகரில் குண்டு வெடித்து ஊரடங்கு போட்டிருந்த நாட்களில் மாளிகாவத்தைத் தொடர்மாடியின் நடைபாதையில்தான் தொழுதோம். குர்ஆனின் அத்தியாயங்களில் சில சூராக்கள் மனப்பாடமாயிருந்த குற்றத்துக்கு, தொழுகையை நடத்தும் இமாமாக என்னை முன்னே தள்ளிவிட்டார்கள்.

முதல் நாள் மஃரிப் என்ற அந்தித் தொழுகையில் பையினா சூரா ஓதினேன். "மின் அஹ்லில்" என்ற இடத்தில் 'ன்' ஒலிக்கும் நூன் எழுத்தைத் தெளிவாகச் சொன்னேன். தொண்டையில் பிறக்கும் எழுத்துக்கு முன் அது மாறாது. பிறகு "மின் பஃதி" வந்தது. பா எழுத்துக்கு முன் நூன், 'ம்' ஒலிக்கும் மீமாகிவிடும். உதட்டை மூடி, மூக்கில் ஒலியை நிறுத்தி, "மிம் பஃதி" என்றேன்.

"மின்!" என்று பின்னாலிருந்து திருத்தினார் அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற கிளார்க்.

மறுபடி ஓதினேன். மறுபடியும் "மின்!"

தொழுகையில் திரும்பவும் முடியாது, விளக்கவும் முடியாது. ருகூவுக்குக் குனிந்து தப்பினேன்.

முடிந்ததும் குர்ஆனில் அந்த நூனுக்கு மேல், மாற்றி ஓதச் சொல்லும் அடையாளமாக இருந்த சின்ன மீமைக் காட்டினேன்.

"முதல்ல மின் எண்டுதானே ஓதினீங்க தம்பி? இது அச்சுப் பிழை."

வாசலைத் தாண்ட வழியில்லை. ஐந்து வேளையும் அவர் மூச்சு என் பிடரியில்.

ஊரடங்கு எடுத்த அன்றே பள்ளிவாசலுக்கு ஓடினேன். இமாம் அதே சூராவை ஓதினார். "மிம் பஃதி" என்றார். எனக்கு உயிர் வந்தது. தொழுகை முடிவில் ஸலாம் கொடுத்துத் திரும்பினால் பக்கத்தில் கிளார்க்.

"பாத்தீங்களா தம்பி, உங்கட பிழை இங்கயும் பரவிட்டு."