நாற்பத்தேழை எழுதிய கை

நாற்பத்திரண்டு வயதில், ஐந்து மாத வயிற்றோடு, உயர்தரப் பரீட்சைக்கான உயிரியல் வகுப்பில் நின்று தாயின் வயதும் நிறமூர்த்தப் பிழைகளும் என்ற பாடத்தை நடத்துவது எவருக்கும் வாய்க்கக் கூடாத அனுபவம். பாடத்திட்டம் என் வசதியைக் கேட்டுப் போடப்பட்டதல்ல. மன்னார் டவுனில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்துக்கு நான் ஒருத்திதான். வேறு ஆளிடம் தள்ளிவிட வழியில்லை.

கரும்பலகையில் இடப்பக்கம் நிறமூர்த்தங்களின், அதாவது குரோமோசோம்களின், அமைப்புகளை எழுதினேன். 47,XY,+21. 47,XX,+18. 47,XX,+13. 45,X. 47,XXY. வலப்பக்கம் அறிகுறிகளைக் கலைத்துப் போட்டேன். உயரமான ஆண், சிறிய விதைகள், பிள்ளை பிறக்காமை. குள்ளமான பெண், கழுத்தின் இருபுறமும் தோல்மடிப்பு, மாதவிடாய் வராமை. மடக்கிய விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய சிசு. பிளந்த உதடும் ஆறாம் விரலும். மேல்நோக்கிச் சாய்ந்த கண், தளர்ந்த தசை, உள்ளங்கையில் குறுக்கே ஒரே ஒரு கோடு.

"பொருத்துங்கோ" என்றேன். வழக்கமாக இந்த இடத்தில் பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு சிரிப்பாவது வரும். அன்று வரவில்லை. எல்லாருடைய கண்களும் கரும்பலகைக்கும் என் சேலைக்கும் இடையில் போய்வந்தன. சனியன்கள், இவ்வளவு நல்ல பிள்ளைகளாக எப்போது மாறினார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

முதலில் எழுந்து வந்தது முன்வாங்கில் இருக்கும் ஒரு மாணவி. தலைமன்னார்ப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பம். என் பங்குதான், ஞாயிறு பூசைக்கு எங்கள் கோயிலுக்கு வருபவள். 47,XY,+21 இலிருந்து அந்த ஒற்றைக் கோட்டுக்கு யோசிக்காமல் கோடு இழுத்தாள். அவளுடைய ஒன்பது வயதுத் தம்பிக்கு டவுன் சின்ட்ரோம்.

அடுத்து வரைபை வரைந்தேன். இருபதிலும் முப்பதிலும் கிட்டத்தட்டத் தரையோடு ஊரும் கோடு, முப்பத்தைந்துக்குப் பிறகு நிமிர்கிறது, நாற்பதில் ஏறத்தாழ நூறு பிறப்புக்கு ஒன்று என்று ஆகி, அதற்கப்பால் செங்குத்தாக ஏறுகிறது. "21, 18, 13, மூண்டுக்கும் வயசோட ஆபத்துக் கூடும். 45,X-க்கும் தாயின்ர வயசுக்கும் முடிச்சுப் போடாதேங்கோ. சோதினையில கனபேர் அதிலதான் புள்ளி விடுறவை." என் குரல் நன்றாகத்தான் இருந்தது. சுண்ணாம்புக்கட்டிதான் நாற்பத்திரண்டுக்கு நேரே வந்ததும் முறிந்தது.

அந்த மாணவி சொன்னாள்: "டீச்சர், தம்பி பிறக்கேக்க அம்மாவுக்கு இருபத்தெட்டுத்தான்."

"ஓம். ஒவ்வொரு இளம் தாய்க்கும் ஆபத்துக் குறைவு. ஆனா பிள்ளை பெறுகிறவையில கூடப்பேர் இளம் ஆக்கள்தானே. அதால இப்பிடியான பிள்ளையளில கனபேருக்கு இளம் தாய்தான் இருக்கிறா. உங்கட அம்மா ஒரு பிழையும் செய்யேல்ல."

அவளுடைய தாய்க்கு நான் அவ்வளவு அழகாக மன்னிப்பு வழங்கினேன். எனக்கு நானே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பதினான்கு வருடம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதில் கடைசி எட்டு வருடமும் ஞாயிறு பூசையில் அந்தத் தம்பி என் பிள்ளை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து தாயின் வாங்கிலிருந்து நழுவி என்னிடம் வந்துவிடுவான். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்வான். பிரசங்கம் நீண்டால் உரத்த குரலில் "முடிஞ்சுதா?" என்று கேட்பான். முழுக்கோயிலும் கேட்க நினைத்ததை அவன்தான் கேட்பான். எனக்கு அவனை அவ்வளவு பிடிக்கும்.

பிறகு நான் கர்ப்பமானேன். கிளினிக்கில் டொக்டர், வயதைப் பார்த்து, விருப்பமென்றால் கொழும்பில் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றார். கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை செய்யும் என் கணவர், "தெரிஞ்சாப்போல என்ன செய்யப் போறம்? எங்கட பிள்ளைதானே" என்றார். நானும் தலையாட்டினேன். அவர் நம்பிச் சொன்னார். நான் பயந்து ஆட்டினேன்.

கணவரின் அக்கா ஒருநாள் வந்து, "கோயில்ல அந்தப் பெடியனை மடியில வைச்சிருக்காதை. வயித்தில பிள்ளையோட அப்பிடியான முகத்தைப் பாக்கக்கூடாது" என்றார். நான் சிரித்தேன். இருபத்தொன்றாம் நிறமூர்த்தம் மூன்றாக வருவது பெரும்பாலும் தாயின் முட்டை உருவாகும் ஒடுக்கற்பிரிவில், சோடி பிரியாமல் ஒட்டிக்கொள்வதால் என்று சொன்னேன். அந்த முட்டைகள் நான் என் தாயின் வயிற்றில் இருந்தபோதே பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றவை, அதனால்தான் வயது முக்கியம், முகம் பார்ப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தேன். அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு நான் கோயிலின் மற்றப் பக்கம் போய் இருந்தேன். காற்று அந்தப் பக்கம்தான் வருகிறது என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். தம்பி திரும்பித் திரும்பித் தேடினான். நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். படித்த புத்தி ஒரு பக்கம் நின்று சிரித்தது, கால் மட்டும் தன்பாட்டில் தள்ளிப் போனது.

அந்தப் பாடத்தை நடத்திய கிழமை ஞாயிறு, பூசை முடிந்து வாசலுக்கு வந்தபோது அவன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். வழக்கம்போலத்தான். ஆனால் இப்போது அவனுடைய முகம் நேரே என் வயிற்றில் பதிந்தது. நான் இரண்டடி பின்னுக்குப் பாய்ந்து, "வேண்டாம்! தொடாதை!" என்று கத்திவிட்டேன்.

அவன் விழவில்லை. கை இரண்டும் அப்படியே முன்னால் நீட்டியபடி நின்றான். செருப்புப் போட்டுக்கொண்டிருந்த சனம் திரும்பிப் பார்த்தது. தாய் வந்து அவனுடைய தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவனுடைய அக்காக்காரி, என் மாணவி, மட்டும் என்னை ஒருமுறை பார்த்தாள்.

திங்கட்கிழமை அதே பாடத்தின் மீட்டல். நிறமூர்த்தச் சோடி பிரிவடையாமை எப்போது நடக்கிறது என்று வகுப்பைக் கேட்டேன். அவள் எழுந்தாள்.

"பெரும்பாலும் முட்டை உருவாகேக்க டீச்சர். கருக்கட்டலுக்கு முன்னமே."

"சரி. இருங்கோ."

அவள் உட்காரவில்லை. "அப்ப வயித்தில பிள்ளை வந்த பிறகு ஆரையும் பாக்கிறதாலயோ, ஆரும் தொடுறதாலயோ அது மாறாதுதானே டீச்சர்?"

மற்றப் பிள்ளைகள் அதை ஒரு கேள்வியாக எடுத்து என் பதிலைக் குறிக்கப் பேனையைத் தூக்கினார்கள். ஒரு மரியாதைக் குறைவான சொல் அதில் இல்லை. கண்டிக்கக் கூட வழியில்லை.

"மாறாது" என்றேன். அவள் இருந்து எழுதினாள்.

அன்று பின்னேரமே தலைமன்னார் பஸ்ஸில் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய் முற்றத்தில் வலை உதறிக்கொண்டிருந்தார். கதிரை கொண்டுவந்து போட்டார், தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

"நான் செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். "இவன் வயித்தில இருக்கேக்க ஆரைப் பாத்தனி, என்னத்தைச் சாப்பிட்டனி எண்டு கேக்காத ஆள் இல்லை டீச்சர். கோயில்ல தள்ளி இருக்கிற ஆக்களும் இருக்கினம். நான் பெரிசா எடுக்கிறேல்ல. அவைக்குத் தெரியாது." பிறகு கோபமே இல்லாமல் சொன்னார்: "உங்களுக்குத் தெரியுமே."

தெரியும் என்பது உண்மை. தெரிந்தும் தள்ளிப்போனேன் என்பதும் உண்மை. பயமாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

"பயம் வரும்தான்" என்றார். "எனக்கு இவன் பிறந்த பிறகுதான் வந்தது. பிறகு போயிட்டுது." தம்பி உள்ளே நித்திரை என்றார். எழுப்பவில்லை. நானும் கேட்கவில்லை.

மகள் மாசி மாதத்தில் பிறந்தாள். தாதி அவளை என் நெஞ்சில் போட்டதும் நான் முத்தம் கொடுக்கவில்லை. இதை என் கணவருக்குக் கூட இன்னும் சொல்லவில்லை. பதினான்கு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளையின் சுருண்ட கையை விரித்து உள்ளங்கையைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டு கோடு. கண்ணைப் பார்த்தேன், கழுத்தின் பின்புறத்தைத் தடவினேன், கால் பெருவிரலின் இடைவெளியைப் பார்த்தேன். கரும்பலகையின் வலப்பக்கம் முழுவதையும் அவளுடைய உடம்பில் பொருத்திப் பார்த்து, ஒன்றும் பொருந்தாத பிறகுதான் அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் அதைச் சந்தோஷம் என்றார்கள். சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் யாருடைய பிள்ளையைத் தள்ளிவிட்டு வந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்தது, அதனால் இன்னும் அழுதேன்.

ஒரு மாதம் கழித்து அவர்கள் பிள்ளை பார்க்க வந்தார்கள். தாய், மாணவி, தம்பி. தம்பிக்கு எண்ணெய் வைத்து நெற்றியில் மயிர் படிய வாரியிருந்தது. மற்ற இருவரும் தொட்டிலருகே போனார்கள். அவன் மட்டும் அறைவாசலில் நின்றுவிட்டான், கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"வாங்கோ ராசா. தங்கச்சியைப் பாருங்கோ" என்றேன். எட்டிப் பார்த்துச் சிரித்தான். உள்ளே வரவில்லை.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவனுக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். "தொட்டுப் பாருங்கோ. கையைத் தாங்கோ."

அவன் கைகளை இன்னும் இறுக்கினான். தாயைப் பார்த்தான். "தொடடா" என்றார் தாய். அக்காக்காரியும் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

"தொடக்கூடாது" என்று எனக்குப் பொறுமையாக விளக்கினான், எனக்குத்தான் மறந்துபோயிற்று என்பதுபோல. "டீச்சர் சொன்னவ."