குனிந்தால் வீங்கும் முகம்

தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற அவருக்கு வேலையிடத்தில் ‘ரசமட்டம்’ என்று பெயர். தளம் சமமா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்க்காமல் ஒரு கல்லைக்கூட ஒட்டமாட்டார். இடுக்குகளில் சாந்து பூசுவது அவர் மனைவியின் வேலை. கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்தேதான் வேலைக்குப் போவார்கள்.

காலையில் அவர் முகம் உப்பியிருப்பதை அவள்தான் முதலில் கவனித்தாள். “மாமியார் வீட்டு விருந்து இப்பத்தான் உடம்புல ஒட்டுது” என்று சிரித்தார். சிமெண்ட் தூசி ஒவ்வாமை என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். வீக்கம் கழுத்துக்கும் இறங்கியது. சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்தே தூங்கினார். பல நாளாக இருந்த இருமலை இருவரும் பீடியின் கணக்கில் தள்ளிவிட்டார்கள்.

அன்று ஒரு குளியலறையில் கல் பதிக்கக் குனிந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் கருஞ்சிவப்பாகிவிட்டது.

“தலை வெடிக்கிற மாதிரி இருக்கு” என்றார். குரல் கம்மியிருந்தது.

அவள் சட்டையைத் தளர்த்தினாள். நெஞ்செங்கும் நீல நரம்புகள் புடைத்து ஓடின. சாந்துக் கரண்டியைப் போட்டுவிட்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்தார். கையில் ஊசி குத்த வந்த நர்ஸைத் தடுத்து, “கால்ல போடுங்க” என்றார்.

“வெறும் வீக்கம்தானே டாக்டர், நாளைக்கு வரட்டுமா?” என்றார் அவர்.

“நாளைக்குன்னு தள்ளுற விஷயம் இல்லைங்க. தலையிலயும் கையிலயும் இருந்து ரத்தம் ஒரே பெரிய ரத்தக்குழாய் வழியாத்தான் இதயத்துக்குத் திரும்புது. நெஞ்சுக்குள்ள ஏதோ அதை அழுத்துது. ரத்தம் மேலயே தேங்குது. தொண்டைக்குள்ள வீங்கினா மூச்சு அடைச்சுக்கும். மூளையும் வீங்கலாம்.”

ஸ்கேனில் வலது நுரையீரலை ஒட்டிய கட்டி அந்தக் குழாயை நசுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அன்றைக்கே தொடை வழியாகக் கம்பிவலைக் குழல் ஒன்றைச் செலுத்தி அடைப்பை விரித்தார்கள்.

மறுநாளே கண் இமைகளின் வீக்கம் வடிந்து அவர் பழைய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் கட்டியிலிருந்து எடுத்த சதையின் பரிசோதனை முடிவு சில நாள் கழித்து வந்து, புற்றுநோய் என்றது.

“வீக்கம் போயிடுச்சு, நோய் போகலை” என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். “மருந்தும் கதிர்வீச்சும் கொடுப்போம். மறுபடி வீங்கினா, மூச்சு முட்டினா, எந்த நேரமானாலும் உடனே வந்துடுங்க.”

சிகிச்சையில் கட்டி சுருங்கியது, முழுதாகப் போகவில்லை. அவர் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இப்போது அவள்தான் கல் பதிக்கிறாள். காலையில் அவர் எழுவதற்கு முன்பே அவள் கை அவர் கழுத்தைத் தடவிப் பார்க்கிறது. அவர் தூங்குவதுபோல் கண்மூடிக் கிடக்கிறார்.