சூளைமேல் போட்ட பழி

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில், சூளையிலிருந்து இறக்கும் பொம்மைகளைப் படமெடுத்துச் சென்னையில் இருக்கும் முதலாளிக்கு அனுப்புவது என் வேலை. ஒரு வாரமாக மத்தியானத்துக்கு மேல் ஒரு படமும் போகவில்லை. சூளையின் புகைபோக்கிதான் சிக்னலை மறைக்கிறது என்று நானே கண்டுபிடித்து எல்லோருக்கும் விளக்கினேன். களிமண் மூட்டைகள்மேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தேன். சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தன, படம் நகரவில்லை.

"அப்ப டவர்ல கூட்டம்," என்றேன் மேலிருந்தபடி.

கீழே பொம்மைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த அக்கா தன் போனைக் காட்டினார். அதே கம்பெனி சிம். சீரியல் நிற்காமல் ஓடியது.

"கூட்டம்னா எனக்குந்தான சுத்தணும்? உங்களுக்கு இன்னிக்கு டேட்டா தீந்துபோச்சுங்க. அதான் ஸ்பீட கொறச்சிட்டாங்க. மெசேஜப் பாருங்க."

மெசேஜ் பதினொன்றரைக்கே வந்திருந்தது. அவருடைய ஹாட்ஸ்பாட்டில் படம் உடனே போனது.

"காலையிலேர்ந்து அப்படி என்னத்தங்க பாத்தீங்க?"

முதல் நாள் பார்த்தது கிரிக்கெட். அதற்கப்புறம் தினமும் பார்த்தது, சிக்னலைக் கூட்டுவது எப்படி என்ற வீடியோக்கள்.