மார்பில் குத்திய இரண்டு கட்டளைகள்

என் வயிற்றெரிச்சலுக்கு அன்று ஒரே மருந்து லத்தீன்தான். கத்தோலிக்கக் குருமடத்தில் நான்கு வருடம் படித்துவிட்டு, சாமியாராகாமல் வெளியே வந்தவன் நான். திருவண்ணாமலையில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்த முதல் நாளே, தாளாளர் எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால் என்னை 'பாதிச் சாமியார்' என்று அறிமுகப்படுத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் மன்னிக்கவில்லை.

மிஷன் பள்ளிச் சின்னத்தில் இருப்பதுபோல் தன் பள்ளிக்கும் லத்தீனில் ஒரு வாசகம் வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. "நல்லா கம்பீரமா, ஜாஸ்தி நீட்டாம எழுதிக் குடுங்க" என்றார். நான் 'திஷே அவுத் திஷேதே' என்று எழுதிக் கொடுத்தேன். பழைய வாசகம், நான் உருவாக்கியதல்ல. அர்த்தம் கேட்டார். "கற்று உயர்க" என்று கூசாமல் புளுகினேன். விவரம் தெரிந்த ஒருவர் என்றைக்காவது அதைப் படித்து, ஊர் நடுவே அவர் மானம் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சின்ன வாசகங்களில் வினைச்சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதில் இரண்டு வினைகள், இரண்டுமே ஏவல், இரண்டுமே ஒருமை. 'நீங்கள்' என்று பலரைப் பார்த்துச் சொல்வதானால் 'திஷிதே' என்று முடிவு மாறியிருக்கும். 'திஷே' என்றால் 'கற்றுக்கொள்'. 'திஷேதே' காதுக்கு அதன் தங்கைபோல் கேட்டாலும் உறவே இல்லை. 'போ' என்ற வினைக்கு முன்னால் 'விலகி' என்ற ஒட்டு சேர்ந்தது. நடுவில் 'எத்', அதாவது 'மற்றும்', இருந்தால், கற்றுக்கொண்டு போய் வா என்று எந்தப் பள்ளியும் சொல்லக்கூடிய வாழ்த்து. இருப்பதோ 'அவுத்': 'அல்லது'. ஒன்று இது, இல்லாவிட்டால் அது, மூன்றாவது கிடையாது. கற்றுக்கொள், இல்லையேல் வெளியே போ. உயர்வு என்ற பேச்சே அதில் இல்லை.

சட்டைப் பையில் குத்தும் பேட்ஜ், பெல்ட், டைரி என்று எல்லாவற்றிலும் அச்சாகிவிட்டது. மறு வருட ஆண்டு விழாவுக்கு, ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளைத் தாளாளர் அழைத்து வந்தார். தன் நாட்டில் லத்தீன் டீச்சராக இருந்தவராம். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். அந்த அம்மாள் மேடைத் திரையில் இருந்த சின்னத்தைப் படித்துவிட்டு, "குழந்தைகளிடம் இவ்வளவு கடுமையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டு, அர்த்தத்தையும் சொன்னார். நான் தாளாளரின் முகத்தைப் பார்த்தேன். அது மலர்ந்தது. மனிதர் மைக்கைப் பிடுங்கி, "அதான்மா நம்ம ஸ்கூலு! படி, இல்லேன்னா கெளம்பு!" என்றார். பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

அடுத்து வந்த அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், பத்தாம் வகுப்பில் தேறமாட்டார்கள் என்று ஏழு பேருக்கு டி.சி. எழுதச் சொன்னார். பொதுத்தேர்வில் ஒருவர்கூடத் தோற்கக்கூடாது அல்லவா! வகுப்பாசிரியர் நான். பட்டியலில் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண் இருந்தாள். கணக்கில் மட்டும்தான் கம்மி. மூன்று மாதம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் தேறியிருப்பாள். இப்போது அனுப்பினால் அவள் படிப்பு அதோடு முடிந்தது, வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

தாளாளரிடம் போனேன். "அந்த வாசகம் நான் உங்க மேல இருந்த கோவத்துல எழுதிக் குடுத்ததுங்க. அதை வெச்சு புள்ளைங்கள அனுப்பாதீங்க" என்றேன்.

அவர் கோபப்படவே இல்லை. "எந்தக் கோவத்துல எழுதுனா என்னா சார்? கரெக்டாத்தான எழுதிக்கிறீங்க. கையெழுத்து போடுங்க. இல்லேன்னா உங்களுக்கும் அதே ரெண்டு வார்த்தைதான்."

நான் கையெழுத்துப் போட்டேன். ஏழிலும்.

அந்தப் பெண்ணின் அப்பா நிலக்கடலை அறுவடையை விட்டுவிட்டு வந்திருந்தார், காலில் மண்ணோடு. மகள் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றாள். அவர் டி.சி.யின் தலைப்பில் இருந்த சின்னத்தைக் காட்டி, "இதப் பாத்துத்தான் அனுப்புறோம்னு பெரியவரு சொன்னாருங்க. இன்னா சார் போட்டுக்குது இதுல?" என்று கேட்டார்.

இந்த முறை புளுக நா எழவில்லை. "கத்துக்கோ, இல்லேன்னா போன்னு போட்டிருக்குங்க."

அவர் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். "கத்துக்கத்தான சார் உங்ககிட்ட உட்டேன்" என்றார்.

பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்பதைச் சொல்லவில்லை.