மழை தள்ளிப்போட்ட முகூர்த்தம்

கண்டி நகரத்தில் ஒரு மாடிக்கடையில் நானும் ராத்தாவும் சேர்ந்து மணப்பெண் அலங்கார சலூன் நடத்துகிறோம். அவர் அக்குறணைக்காரர், முஸ்லிம். என்னைவிட மூத்தவர் என்பதால் அவர்கள் வழக்கப்படி அக்கா என்ற பொருளில் ராத்தா என்று கூப்பிடுகிறேன். தலைமுடியும் மருதாணியும் அவர் பொறுப்பு. முகமும் சாரியும் என் பொறுப்பு. அக்குறணையில் வெள்ளம் வந்தால் மாத்தளை வீதி மூழ்கிவிடும், ராத்தாவால் வர முடியாது. நான் நகரத்திலேயே இருப்பதால் நடந்தாவது கடைக்கு வந்துவிடுவேன்.

ஒரு பஸ் ஸ்ட்ரைக் நாளில்தான் எங்களுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும் என்று புரிந்தது. யார் வரப்போகிறார்கள் என்று நாங்கள் வீட்டில் இருந்துவிட்டோம். ஒரு பெண் கைக்குழந்தையோடு த்ரீவீல் பிடித்து வந்து, பூட்டிய கதவின் முன்னால் நின்றபடி போன் எடுத்தாள். அவள் ஏசவில்லை. "ஒரு மெசேஜ் போட்டிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேனே அக்கா" என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலமே நானும் ராத்தாவும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம்.

வானிலை எச்சரிக்கையோ ஸ்ட்ரைக் அறிவிப்போ வந்தால், முதல் நாள் மாலைக்குள் கடை திறப்பதா இல்லையா என்று தீர்மானித்துவிட வேண்டும். பார்க்கலாம் என்று இழுக்கக் கூடாது. முடி வெட்டவும் ஃபேஷியலுக்கும் வருகிறவர்களுக்கு மெசேஜ் போதும்; மணப்பெண்களுக்கு மட்டும் போன் எடுத்துப் பேச வேண்டும். புக்கிங் எடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் இரண்டாவதாக ஒரு நம்பர் வாங்க வேண்டும். புக்கிங் கொப்பியின் பக்கங்களை அவ்வப்போது படம் எடுத்து இருவர் போனிலும் வைத்திருக்க வேண்டும். யார் வீட்டில் கரண்ட் இருக்கிறதோ அவர் எல்லோருக்கும் அறிவிப்பார். டேட்டா போய்விட்டால் சாதாரண எஸ்எம்எஸ்.

கார்த்திகை மாதத்தில் பெரிய புயல் மழை வந்தது. மண்சரிவு எச்சரிக்கை வந்த மாலை, நான் மெசேஜ் எழுதி ராத்தாவுக்கு அனுப்பினேன். அவர் உடனே போன் எடுத்தார்.

"தங்கச்சி, 'நாளைக்கி சலூன் பூட்டு'ன்னு தொடங்க வாணாம். சனங்க எந்த நெலமைல ஈக்கிறாங்களோ தெரியாது. மொதல்ல பாதுகாப்பா ஈக்கிறீங்களான்னு கேளுங்க."

"கடை பூட்டுங்கிறது முன்னுக்கு வரணுமே ராத்தா. யாராவது கெளம்பி வந்துட்டா?"

"ரெண்டாவது வரில போடுங்க. ரெண்டு வரியையும் வாசிப்பாங்க தானே."

அப்படியே மாற்றினோம். "நீங்களும் வீட்டாரும் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? மழை காரணமாக நாளை சலூன் திறக்காது. தயவுசெய்து புறப்பட வேண்டாம். உங்கள் புக்கிங் அப்படியே இருக்கிறது, கட்டிய முற்பணமும் புது நாளுக்குச் சேரும். நிலைமை சீரானதும் நாங்களே இரண்டு நாட்கள் சொல்கிறோம், வசதியானதை எடுங்கள். இப்போது பதில் போட அவசரமில்லை." தமிழிலும் சிங்களத்திலும் போனது. முதலில் நான் எழுதியதில், வியாழனா வெள்ளியா என்று அப்போதே கேட்டிருந்தேன். அதையும் ராத்தாதான் எடுக்கச் சொன்னார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கல்யாணம் நடக்க இருந்தது. மணப்பெண் நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவள்; வீடு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. அன்று மாலை எடுத்தபோது அவள் போன் அணைந்திருந்தது. மறுநாள் மத்தியானம் இரண்டாவது நம்பருக்கு எடுத்தேன். அது அவளுடைய பெரியப்பா மகனுடையது. அவர் போனை அவளிடம் கொடுத்தார்.

"அக்கா, நாங்க எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம். லயத்துக்குப் பின்னுக்கு மண்ணு எறங்கிருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. கூறச் சாரி அலுமாரிக்குள்ள இருக்கு, உள்ள போக விட மாட்டேங்குறாங்க. எங்க புக்கிங்க வெட்டிறாதீங்க அக்கா."

"வெட்டவே மாட்டோம். நாள் பாத்துட்டு சொல்லுங்க, நாங்க வர்றோம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். கார்த்திகை முடியப்போகிறது, மார்கழியில் கல்யாணம் இல்லை. இனித் தைதான். தையில் நல்ல முகூர்த்தம் என்றால் ஊரில் எல்லாக் கல்யாணமும் அன்றைக்கே விழும்.

அப்படியேதான் நடந்தது. அவர்கள் குறித்த நாளில் குண்டசாலையில் ஒரு கடைக்காரர் வீட்டு மகளுக்கு எங்களிடம் ஏற்கெனவே புக்கிங் இருந்தது. ஹந்தானையில் முகூர்த்தம் விடிந்ததும், குண்டசாலையில் பத்து மணி போல. தூரம் அதிகமில்லை. ஆனால் ஹந்தானையை முடித்து வந்தால், குண்டசாலைக்குச் சொன்ன நேரத்தில் என்னால் போய்ச் சேர முடியாது.

"முதல்ல புக் பண்ணவங்களுக்குத்தானே ராத்தா நியாயம்?"

"ஓ, அவங்கட தேதிய நாம தொடல்லயே. நேரத்த மட்டும் கேட்டுப் பாருங்க. இல்லண்டா ஹந்தானப் புள்ளைக்கு வேற ஆள் தேடித் தருவோம். கேக்காம முடிவெடுக்க வாணாம்."

குண்டசாலை அம்மாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். யார், எந்த வீடு என்று சொல்லவில்லை. நான் மட்டும் கொஞ்சம் பிந்தி வரலாமா என்று கேட்டேன்.

"பாவம்தான். ஆனா நாங்க ஆறு மாசத்துக்கு முந்தியே சொல்லி வச்சோமே" என்றார் அவர்.

"நீங்க சொல்றது சரிதாங்க. நீங்க வேணாம்னா அந்தப் பிள்ளைக்கு வேற ஆள் பாத்துக் குடுக்கிறோம். உங்களுக்கு ஒரு கொறையும் வராது."

பின்னால் ஏதோ பேச்சுக் கேட்டது. மகள் போனை வாங்கினாள். "ராத்தா நேரத்துக்கு வந்து என் முடியத் தொடங்குவாங்கதானே? நீங்க பொறவு வாங்க அக்கா. அம்மாகிட்ட நான் பேசுறேன்."

அன்று விடியுமுன் நான் ஹந்தானைக்குப் போனபோது, சரிந்த இடத்தைத் தாண்டி த்ரீவீல் ஏறவில்லை. அலங்காரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். உறவினர் ஒருவரின் லயத்து அறையில் மணப்பெண் காத்திருந்தாள். ராத்தா குண்டசாலையில் என்பதால் அவள் முடியையும் நானே பின்னினேன். கூறைச் சாரியைப் பிறகு போய் எடுத்திருந்தார்கள். கழுவியும் ஒரு ஓரத்தில் செம்மண் கறை போகவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கறை பட்ட பக்கத்தை உள்சுற்றில் விட்டுக் கட்டி, மேலே கொசுவத்தை இறக்கினேன். "எங்க, காட்டு பாப்போம்" என்று அவள் அம்மா சுற்றிச் சுற்றி வந்து தேடினார். கிடைக்கவில்லை. அந்த அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது என் கண் கலங்கிவிட்டது. பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

தாலி கட்டுவதைப் பார்க்க நிற்காமல் இறங்கினேன். சரிவுக்குக் கீழே ஒரு கார் நின்றது. குண்டசாலை மணப்பெண்ணின் அண்ணன்.

"தங்கச்சி அனுப்புச்சு. ராத்தாகிட்ட எடம் கேட்டுக்கிட்டு வந்தேன்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

நான் போனபோது ராத்தா கொண்டை போட்டுப் பூவும் வைத்து முடித்திருந்தார். முகூர்த்தத்துக்கு நேரம் மிச்சம் இருக்கும்போதே முகமும் சாரியும் முடித்தோம். அந்த அம்மா முதலில் முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தார். மகளைப் பார்த்ததும் எனக்கொரு கோப்பைத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

கிளம்புவதற்கு முன் மணப்பெண், "அந்த அக்கா எப்பிடி இருந்தாங்க? போட்டோ இருக்கா?" என்று கேட்டாள்.

போனில் படம் இருந்தது. ஆனால் கேட்காமல் காட்ட மனமில்லை. ஹந்தானைக்கு ஒரு மெசேஜ் போட்டேன்: "இங்கே இன்னொரு மணப்பெண் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள். காட்டட்டுமா?"

அங்கே கல்யாணச் சந்தடியில் யார் போனைப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பதில் உடனே வந்தது.

"காட்டுங்க அக்கா. அவங்க போட்டோவும் எனக்கு வேணும்."