சிவனேஸ்வரி மாற்றிய திகதி

நெளுக்குளத்தில் எங்கள் ஒழுங்கையில் சிவனேஸ்வரியோடு கோபித்துக்கொள்ளாதவர்கள் என்று யாரும் இல்லை. நானும் பலமுறை கோபித்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரியாக இருந்துகொண்டு எவ்வளவு காலத்துக்குத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது? ஒரு தேங்காய்க்கோ ஒரு கறிவேப்பிலைக் கொப்புக்கோ படலையைத் திறக்கவேண்டி வந்துவிடும். கூட்டுறவுக் கடையில் மனேச்சராக இருக்கிறாள். சீனியில் ஒரு மணி கூடவும் போகாது, குறையவும் போகாது. பேச்சிலும் அப்படித்தான்.

அவளுடைய வளவுக்குள் இரண்டு வீடுகள். முன்வீடு சீதனக் காணியில் அவளும் புருஷன் விஜிதரனும் இடப்பெயர்வெல்லாம் முடிந்து வந்து கட்டியது. மூன்று அறை, விறாந்தை, குழாய் பூட்டிய குளியலறை. பின்வீடு அதற்கு முதலே இருந்த பழைய இரண்டு அறை வீடு. அவர்கள் குடியிருப்பது பின்வீட்டில். பிள்ளை பிறந்த பிறகு முன்வீட்டுக்குப் போவோம் என்றாள். பிள்ளை பிறக்கவில்லை. முன்வீட்டை வாடகைக்கு விட்டாள்.

அப்படி வந்தவர்கள்தான் சுஜிதனும் தேனுகாவும். அவன் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை, அவள் முன்பள்ளி ஆசிரியை. வந்து ஒரு வருடத்துக்குள் தேனுகா பிள்ளைத்தாச்சி ஆனாள். அன்றிலிருந்து சிவனேஸ்வரிக்கு வயிறெரிச்சல். இதை நான் ஒளித்துச் சொல்லவேண்டியதில்லை, அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. தேனுகா உடுப்புக் காயப்போட்டால் கொடி தாழ்ந்துபோச்சு என்பாள். சத்தி எடுத்தால் மற்றவை பிள்ளை பெறேல்லையோ என்பாள். விஜிதரன் ஒரு நாள் புளிமாங்காய் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த மனுஷனுக்கு அன்றிரவு சோறு கிடைத்ததோ தெரியாது.

இப்படியிருக்க, ஆவணியில் ஒரு நாள் தேனுகாவுக்குக் குளியலறைக் குழாயில் கறண்ட் அடித்தது. கை விறைத்ததோடு தப்பினாள். சுஜிதன் பயந்து, லைசன்ஸ் உள்ள வயரிங் வேலைக்காரன் யூட்சனைக் கூட்டிவந்தான். யூட்சன் மீற்றரை வைத்து ஒவ்வொரு பிளக்காகப் பார்த்தான், கூரைக்குள் ஏறினான், வெளியே மண்ணைக் கிளறி ஏர்த் கம்பியைத் தேடினான். கம்பி இருந்தது, அதில் பூட்டிய வயர் கறள் பிடித்து அற்றுப்போயிருந்தது. தண்ணீர் மோட்டரிலிருந்து கறண்ட் ஒழுகுகிறது, அது இரும்புக் குழாய் வழியே குளியலறைக்கு வருகிறது என்றான். குசினி வயர் சூடேறிக் கருகியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒழுக்கு வந்தால் தானாக விழவேண்டிய ட்ரிப் சுவிச்சை யாரோ விலக்கி, கறண்டை நேரே கொடுத்திருந்தார்கள்.

"ஆர் செய்தது உது?" என்று யூட்சன் கேட்டான்.

"மாரிக்குச் சும்மா சும்மா விழுந்துகொண்டிருந்தது தம்பி. அதுதான் நான் நேரே குடுத்திட்டன்" என்றான் விஜிதரன்.

"அண்ணை, அது சும்மா விழேல்லை. ஆளைக் காப்பாத்தத்தான் விழுந்தது."

யூட்சன் மோட்டருக்கும் குளியலறைக்கும் குசினிக்கும் போகும் வயர்களைக் கழற்றிவிட்டு, லைற்றுக்கும் காற்றாடிக்கும் மட்டும் கறண்ட் விட்டான். சுவரை வெட்டிப் பழைய வயர் முழுவதையும் மாற்றி, புது ஏர்த்தும் புது ட்ரிப் சுவிச்சும் போடும்வரை கழற்றியதைத் தொடவே கூடாது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தான். சுஜிதன் அதோடு ஒரு கடிதமும் எழுதி, வீடு சிவனேஸ்வரியின் பெயரில் இருப்பதால் அவள் கையிலேயே கொடுத்தான்.

அன்று பின்னேரம் அவள் என் வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பாருங்கோ வடிவம்மாக்கா, ஒரே வளவுக்குள்ளை இருந்துகொண்டு எனக்குக் கடிதமாம் கடிதம்! வாயிலை என்ன கொழுக்கட்டையோ?"

"எழுத்திலை தந்தது நல்லதுதானே பிள்ளை. நீயும் எழுத்திலை திகதியைக் குடுத்துத் திருத்திவிடன்."

"குடுக்கிறன், குடுக்கிறன்" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

கொடுத்தாள். அறிக்கையில் கண்ட குறைகளை ஏற்றுக்கொள்வதாகவும், செலவு தன்னுடையது என்றும் ஒழுங்காக எழுதினாள். ஆனால் பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் சுவர் வெட்டுவதோ ஆணி அடிப்பதோ வழக்கமில்லை, ஆகையால் பிள்ளை பிறந்து துடக்குக் கழிந்த பிறகு, மார்கழியில் வேலை தொடங்கும் என்று முடித்திருந்தாள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை இதுதான். மார்கழி என்றால் மாரி உச்சத்தில் நிற்கும். அதுவரை தண்ணீரும் இல்லாமல் குசினியும் இல்லாமல் எந்தப் பிள்ளைத்தாச்சி இருப்பாள்? தானாக வீட்டை விட்டுப் போய்விடுவார்கள், அந்த வயிற்றைத் தினமும் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் அவளுடைய கணக்கு.

கெட்டித்தனம் என்னவென்றால், யாராலும் மறுத்துக் கதைக்க முடியவில்லை. புளியங்குளத்திலிருந்து வந்த சுஜிதனின் தாயே, "அவா சொல்லுறது சரிதான். வயித்துப்பிள்ளைக்காரி இருக்கேக்கை சுவரிலை கை வைக்கிறேல்லை" என்று தலையாட்டிவிட்டுப் போனாள். தேனுகாவுக்குத் தாய் இல்லை. பேறுகாலத்துக்குப் போய் இருக்க பிறந்த வீடும் இல்லை. மாமி வீட்டுக்குப் போகலாமென்றால் கிளினிக்கும் ஆஸ்பத்திரியும் இங்கே கிட்டவுள்ள வவுனியாவில். எங்கே போவாள்? கிணற்றில் அள்ளிக் குளித்தாள், கறண்ட் அடுப்பு இல்லாமல் முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தாள். அந்த வயிற்றோடு அவள் கப்பிக் கயிற்றை இழுப்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிவனேஸ்வரி தன் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எரிச்சல் குறைந்ததா என்றால், அதுதான் இல்லை. விஜிதரன் ஓடிப்போய்க் கயிற்றை வாங்கி அள்ளிக் கொடுத்தான், அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

ஒரு சனிக்கிழமை காலை நான் சிவனேஸ்வரியோடு கதைத்துக்கொண்டு பின்வீட்டு வாசலில் நின்றேன். திடீரென்று கிணற்றடியில் மோட்டர் இரைந்தது. பெண்சாதி தண்ணீர் சுமப்பதைப் பொறுக்கமாட்டாமல் சுஜிதன் யூட்சன் கழற்றிய வயரைத் தானே கொழுவியிருக்கிறான். ஒரு தாங்கி நிரம்பும்வரைதானே என்று நினைத்தானாம். அவன் விறாந்தையில் நிற்க, தேனுகா வெறுங்காலோடு, ஈர நிலத்தில், முற்றத்து இரும்புக் குழாயடியை நோக்கி வாளியோடு போய்க்கொண்டிருந்தாள்.

சிவனேஸ்வரி போட்ட சத்தம் கடைத்தெருவுக்குக் கேட்டிருக்கும். "தொடாதையும்! குழாயைத் தொடாதையும்!" சொல்லிக்கொண்டே ஓடினாள். அந்த உடம்போடு அவள் ஓடி நான் கண்டதில்லை. விறாந்தையில் ஏறி, சுஜிதனைத் தோளால் தள்ளிவிட்டு மெயின் சுவிச்சை அடித்து விழுத்தினாள். மோட்டர் நின்றது. தேனுகாவின் கைக்கும் குழாய்க்கும் ஒரு சாண் இருந்திருக்கும்.

பிறகு சுஜிதனுக்கு விழுந்த ஏச்சை இங்கே எழுத முடியாது. வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்த தேனுகாதான் கேட்டாள்.

"அக்கா, நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. மார்கழி எண்டு நீங்கள் எழுதினது உண்மையா வழக்கத்துக்காகத்தானோ?"

சிவனேஸ்வரி விறாந்தைத் திண்ணையில் தொப்பென்று இருந்தாள். மூச்சு வாங்கியது.

"இல்லை" என்றாள். "எரிச்சல். உம்மைப் பாக்கப் பாக்க எனக்கு எரிச்சல். நீர் போயிடோணும் எண்டுதான் எழுதினன்."

பிறகு அவளே தொடர்ந்தாள்.

"இந்த வயரை எப்பவோ மாத்தியிருக்கலாம். இவர் ஒவ்வொரு வருசமும் கேட்டவர். நான்தான் சுவரிலை கை வைக்க விடேல்லை. ஒருக்கால் நாள் தள்ளிப்போகும். ஒருக்கால் தலை சுத்தும். இந்தமுறை இருக்கக்கூடும், இப்ப வெட்டவேண்டாம் எண்டுவன். இந்த வீட்டுச் சுவரிலை ஒரு படம் கொழுவ ஆணி அடிச்சது கிடையாது. நான் பாத்துப் பாத்து இருந்ததிலைதான் வயர் கருகினது. இப்ப நீர் வந்து, வந்த உடனை..."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ வருடம் எதிரில் இருக்கிறேன், அந்தச் சுவர்கள் ஏன் வெறுமையாக இருக்கின்றன என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கஞ்சத்தனம் என்றுதான் ஊரெல்லாம் சொன்னேன்.

தேனுகா கட்டிப்பிடித்து அழுகிற பிள்ளை இல்லை.

"எரிச்சல் இருக்கட்டும் அக்கா" என்றாள். "திகதியை மட்டும் மாத்துங்கோ."

சிவனேஸ்வரி அண்ணாந்து அவளைப் பார்த்தாள். சிரிக்கத்தான் வந்தது அவளுக்கு, அழுகையோடு சேர்ந்து.

"வெட்டேக்கை நீர் உந்த வீட்டுக்குள்ளை இருக்கேலாது. என்ரை வீட்டிலை வந்து இரும். என்ரை கட்டில்லை படும். ஆனா நான் சமைக்கிறதுக்கு நொட்டை சொல்லக்கூடாது."

அன்றே அவள் எழுதிய பதிலை எனக்குக் காட்டினாள். அது இதுதான்:

"அன்பின் சுஜிதன், தேனுகா இருவருக்கும்,

உங்கள் கடிதமும் மின்பரிசோதனை அறிக்கையும் கிடைத்தன. ஏர்த் தொடுப்பு அற்றிருப்பதையும், ட்ரிப் சுவிச் விலக்கப்பட்டிருப்பதையும், மோட்டரில் ஒழுக்கு இருப்பதையும், குசினி வயர்கள் கருகியிருப்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். மார்கழி என்று முன்பு எழுதியதை நீக்குகிறேன். செப்டெம்பர் 8ஆம் திகதி திங்கட்கிழமை காலை யூட்சன் வேலையைத் தொடங்குவார். செலவு முழுவதும் என்னுடையது. வேலை முடிந்து, அவர் திரும்பப் பரிசோதித்து எழுத்தில் தரும்வரை நீங்கள் இருவரும் எங்கள் வீட்டில் தங்கலாம். அந்த நாட்களுக்கு வாடகை இல்லை. அதுவரை கழற்றிய வயர்களை எவரும் தொடக்கூடாது. இது சுஜிதனுக்கு.

சிவனேஸ்வரி விஜிதரன்"

"கடைசி வரி தேவையோ?" என்று கேட்டேன்.

"கட்டாயம் தேவை" என்றாள்.

திங்கட்கிழமை யூட்சன் சொன்னபடி வந்தான். மெயினை நிறுத்திவிட்டுச் சுவரில் சோக்கட்டியால் கோடு போட்டான். பின்வீட்டு வாசலில் சிவனேஸ்வரி கதிரையில் இருந்து முருங்கையிலை உருவினாள். பக்கத்துக் கதிரையில் தேனுகா. நான் வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன், மறைப்பானேன்.

"மெதுவா வெட்டும் தம்பி" என்று சிவனேஸ்வரி சத்தம் வைத்தாள். "ஆட்டிப்போடாதையும் வீட்டை."

முன்வீட்டில் உளிமேல் முதல் சுத்தியல் அடி விழுந்தது. தேனுகா சட்டென்று தன் வயிற்றைப் பொத்தினாள். அதே நொடியில் முருங்கையிலையைப் போட்டுவிட்டு சிவனேஸ்வரியின் கையும் போனது, தன்னுடைய வயிற்றுக்கு.

அவள் அதை உணர்ந்து கையை எடுக்கப் பார்த்தாள். தேனுகா கண்டுவிட்டாள். கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்து, சுளகில் கிடந்த முருங்கையிலையில் பாதியை எடுத்துத் தானும் உருவத் தொடங்கினாள்.